பதினோரு வரி லாகின்

லாகின் பக்கத்தை வெளியிலிருந்து பார்த்து எடைபோட முடியாது. தட்டுகிற எழுத்து புள்ளியாக மறைவது, பின்னால் நிற்பவர் கண்ணில் படாமல் இருக்கத்தான். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம், நம் போனுக்கும் சர்வருக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லும். போய்ச் சேர்ந்த பாஸ்வேர்டை அந்தப் பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்பது நிரலைப் படித்தால்தான் தெரியும்.

படித்துப் பார்ப்போம். குடியிருப்போர் சங்கம், டியூஷன் சென்டர், சீட்டுக் கம்பெனி என்று சின்னச் சின்ன அமைப்புகளுக்கு, காலேஜில் படிக்கும் யாரோ ஒரு உறவுக்காரப் பையன் எழுதிக் கொடுத்த தளங்கள் ஏராளம். அவற்றில் உறுப்பினர் உள்ளே நுழையும் இடத்தில் இதுபோன்ற ஒன்று இருக்கும். கீழே உள்ளது இந்தக் கட்டுரைக்காக நான் எழுதிய மாதிரி. எந்தத் தளத்திலிருந்தும் எடுத்ததல்ல. மொழி பிஹெச்பி.

```php
session_start();
$u = $_POST['user'];
$p = md5($_POST['pass']);
$q = "SELECT * FROM members WHERE user='$u' AND pass='$p'";
$r = mysqli_query($db, $q);
if (mysqli_num_rows($r) == 1) {
    $_SESSION['user'] = $u;
    header("Location: home.php");
} else {
    echo "Wrong password";
}
```

பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்குகிறது, டேட்டாபேஸில் அந்த ஜோடி இருக்கிறதா என்று கேட்கிறது, இருந்தால் உள்ளே விடுகிறது. சரியான பாஸ்வேர்டு போட்டால் திறக்கும், தப்பாகப் போட்டால் திறக்காது. பல வருஷம் யாரும் குறை சொல்லாமல் ஓடும். ஆனால் இதைப் பரிசோதிக்க உட்காருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதிர்பார்க்காததைத் தட்டினால் என்ன ஆகும்?

முதலில் நான்காம் வரி. பயனர் தட்டியதை அப்படியே டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விக்குள் ஒட்டுகிறது. பெயர்க் கட்டத்தில் ஒருவர் `admin' -- ` என்று தட்டுகிறார். அட்மின், ஒரு ஒற்றை மேற்கோள்குறி, இரண்டு கோடு, கடைசியில் ஓர் இடைவெளி. இப்போது டேட்டாபேஸுக்குப் போவது இது:

```sql
SELECT * FROM members WHERE user='admin' -- ' AND pass='...'
```

மேற்கோள்குறி பெயரை அங்கேயே முடித்துவிட்டது. இரண்டு கோடும் இடைவெளியும் வந்தால், அதற்குப் பிறகுள்ளதை வெறும் குறிப்பாக நினைத்து மைஎஸ்க்யூஎல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பாதி அந்தக் குறிப்புக்குள் போய்விட்டது. அட்மின் என்ற பெயரில் ஒரு வரிசை இருக்கிறது, எண்ணிக்கை ஒன்று, கதவு திறந்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் எதைத் தட்டினார் என்பதற்கு வேலையே இல்லை. இதற்குப் பெயர் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். இந்த வித்தை 1998லேயே வெளிவந்துவிட்டது. 2009ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் போனதும் இந்த வழியில்தான். அங்கே பாஸ்வேர்டுகளை மறைக்காமல் எழுத்து எழுத்தாகவே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றுவரை பாஸ்வேர்டு உடைப்பவர்களுக்குப் பாடப்புத்தகம்.

இதைப் படித்துவிட்டு அடுத்தவர் தளத்தில் ஒரு மேற்கோள்குறியைத் தட்டிப் பார்க்க வேண்டாம். அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 43, 66ஆம் பிரிவுகளின்கீழ் வரும். மூன்று வருஷம் வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். உங்கள் தளமாக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும்.

நான்காம் வரியோடு சேர்த்து ஏழாம் வரியையும் பார்க்க வேண்டும். அவசரத்தில் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். உள்ளே வந்தவரின் பெயரை டேட்டாபேஸ் தந்ததிலிருந்து எடுக்காமல், அவர் தட்டியதையே குறித்துக்கொள்கிறது. ஆக, அந்த மேற்கோள்குறியும் கோடுகளும் தளத்துக்குள் எல்லாப் பக்கத்துக்கும் கூடவே வரும். உள்பக்கங்களும் அந்தப் பெயரை இதேபோலக் கேள்விக்குள் ஒட்டியிருந்தால், லாகினை மட்டும் சரிசெய்து எந்தப் பயனும் இல்லை. எழுதிய கை ஒன்றுதானே, அங்கேயும் ஒட்டித்தான் இருக்கும்.

அடுத்தது மூன்றாம் வரி. எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான். பாஸ்வேர்டை நேரடியாகச் சேமிக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறார், எம்டி5 போட்டிருக்கிறார். எம்டி5 ஒரு ஹாஷ். எதைக் கொடுத்தாலும் 32 எழுத்தில் ஒரு முத்திரையைத் தரும். முத்திரையிலிருந்து மூலத்தைத் திருப்பி எடுக்கச் சூத்திரம் கிடையாது. ஆனால் திருப்பி எடுக்கத் தேவையே இல்லை. `123456` என்பதன் எம்டி5 எப்போதும், எந்தச் சர்வரிலும் `e10adc3949ba59abbe56e057f20f883e` தான். கசிந்த பட்டியலில் இதைப் பார்த்தவுடனே அந்த உறுப்பினர் என்ன பாஸ்வேர்டு வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஒரே பாஸ்வேர்டு வைத்த ஐம்பது பேருக்கும் ஒரே முத்திரை. ஒன்றை உடைத்தால் ஐம்பதும் உடைந்தது.

2012ல் லிங்க்டுஇன் மாட்டிக்கொண்டது இதில்தான். அவர்கள் போட்டது எஸ்ஹெச்ஏ-1, எம்டி5க்கு அண்ணன் முறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டிய சால்ட் என்ற குருட்டாம்போக்கு எழுத்துகளைச் சேர்க்கவில்லை. முதலில் 65 லட்சம் ஹாஷ்கள் வெளியே வந்தன. நான்கு வருஷம் கழித்து, அதே திருட்டில் போனது 11 கோடிக்கும் மேல் என்று தெரிந்தது.

சால்ட் சேர்த்தால் ஐம்பது பேருக்கும் ஐம்பது முத்திரை வரும், முன்கூட்டியே தயாரித்த பட்டியல் உதவாது. அது பாதி வேலை. மீதிப் பாதி வேகம். எம்டி5 வேகமாக ஓட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. கேம் விளையாட வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று இன்று நொடிக்குப் பத்தாயிரம் கோடி எம்டி5க்கு மேல் போடும். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளில் அமையக்கூடிய பாஸ்வேர்டுகள் மொத்தம் சுமார் 20,900 கோடி. அதாவது, எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க இரண்டு நொடி.

ஆகவே, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ் தேவை. நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மாசியெரெஸ் இருவரும் 1999ல் வெளியிட்ட பிகிரிப்ட் அப்படிப்பட்டது. அதில் ஒரு திருகு உண்டு. எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரண்டு மடங்காகும். பிஹெச்பியில் `password_hash` என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், சால்ட்டையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். திருகு பல வருஷம் 10ல் இருந்தது, 8.4ஆம் பதிப்பில் 12 ஆக்கினார்கள். பத்தில் வைத்தாலே, அந்தக் கார்டு நொடிக்குச் சில ஆயிரம் தடவைதான் முயல முடியும். இரண்டு நொடி வேலை ஒரு வருஷத்தைத் தாண்டிவிடும், அதுவும் ஒரே ஒரு உறுப்பினருக்கு.

இங்கே தமிழில் பாஸ்வேர்டு வைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டும்தான் பார்க்கும். மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறி. 'அம்மா' என்றால் ஐந்து குறி, 15 பைட். 24 குறியோடு கணக்கு முடிந்தது. நீளமாக ஒரு தமிழ் வாக்கியம் வைத்துவிட்டு, அதன் பின்பாதியில்தான் ரகசியம் இருக்கிறது என்று நினைத்தால், அந்தப் பின்பாதியை யாரும் கேட்கவே போவதில்லை. பரிசோதிப்பது சுலபம்: கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி லாகின் செய்து பாருங்கள், திறந்தால் வெட்டுப்படுகிறது. ஆர்கான்2 என்ற புதிய ஹாஷில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய எம்டி5 தளத்தை பிகிரிப்டுக்கு எப்படி மாற்றுவது? மூலப் பாஸ்வேர்டு யாரிடமும் இல்லையே. டேட்டாபேஸில் இருக்கும் எம்டி5 முத்திரையையே பாஸ்வேர்டாக வைத்து, அதன்மேல் பிகிரிப்ட் போட்டு, பழையதை அழித்துவிட வேண்டும். உறுப்பினர் அடுத்த முறை உள்ளே வரும்போது, அவர் தட்டிய நிஜப் பாஸ்வேர்டுக்கு நேரடியாகப் புது ஹாஷ் எழுதிக்கொள்ளலாம். பழைய பேக்கப் கோப்புகளையும் மறக்காமல் அழிக்க வேண்டும்.

அழித்ததாக நினைப்பது வேறு, அழிந்திருப்பது வேறு. ஆஷ்லி மேடிசன் என்ற கனடாக்காரர்களின் தளம், மணமானவர்களுக்குக் கள்ளத்தொடர்பு தேடித் தருவது. 2015ல் அதன் டேட்டாபேஸும் நிரலும் சேர்ந்தே வெளியில் வந்தன. பாஸ்வேர்டுகள் பிகிரிப்டில், திருகு 12ல். மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கணக்குகளை உடைக்க ஆயுள் போதாது என்று பலரும் கைவிட்டார்கள். சைனோஷூர் ப்ரைம் என்ற குழு ஹாஷ்களை விட்டுவிட்டு நிரலைப் படித்தது. தானாக உள்ளே நுழைய உதவும் ஒரு சாவியை, பெயரையும் பாஸ்வேர்டையும் சிறிய எழுத்தாக்கிச் சேர்த்து எம்டி5 போட்டு, இன்னொரு பத்தியில் சேமித்திருந்தது ஒரு வரி. ஒன்றரைக் கோடிக் கணக்குகளில் அந்தச் சாவி இருந்தது. அதை எம்டி5 வேகத்தில் உடைத்து, பிறகு எந்த எழுத்து பெரிய எழுத்து என்பதை மட்டும் பிகிரிப்டில் சரிபார்த்தார்கள். பத்தே நாளில் 1.1 கோடி பாஸ்வேர்டுகள் கிடைத்தன.

அதனால் லாகின் கோப்பை மட்டும் படித்தால் பரிசோதனை முடிந்ததாகாது. தளத்தின் மொத்த நிரலிலும் இவற்றைத் தேட வேண்டும்:

```
grep -rn "md5(" .
grep -rn "print_r(\$_POST" .
```

இரண்டாவது தேடல் எதற்கென்றால், ஏதோ ஒரு பிழையைக் கண்டுபிடிக்க, வந்ததையெல்லாம் பதிவேட்டுக் கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு, அந்த வரியை எடுக்க மறந்திருப்பார்கள். ஹாஷ் போடும் முன்பே பாஸ்வேர்டு அந்தக் கோப்பில் பச்சையாக உட்கார்ந்திருக்கும். சின்னத் தளம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2018ல் ட்விட்டர் தன் பதிவேட்டில் இதே கோளாறைக் கண்டுபிடித்து, 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டு மாற்றிக்கொள்ளச் சொன்னது.

இனி, திருத்திய லாகின்:

```php
session_start();
$s = $db->prepare("SELECT id, hash FROM members WHERE user = ?");
$s->bind_param("s", $_POST['user']);
$s->execute();
$row = $s->get_result()->fetch_assoc();
$ok = password_verify($_POST['pass'], $row['hash'] ?? $fake);
if ($row && $ok) {
    session_regenerate_id(true);
    $_SESSION['id'] = $row['id'];
}
```

கேள்விக்குறி இருக்கும் இடத்தில் பயனர் தட்டியது தனியாகப் போய்ச் சேர்கிறது. அதில் எத்தனை மேற்கோள்குறி இருந்தாலும் அது வெறும் பெயர்தான், கேள்வியின் பகுதியாக முடியாது. குறித்துக்கொள்வதும் டேட்டாபேஸ் தந்த உறுப்பினர் எண்ணை.

`$fake` என்பது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு போலி ஹாஷ். பழைய நிரலில் உருப்படியாக இருந்தது பத்தாம் வரி ஒன்றுதான்: பெயர் தப்போ பாஸ்வேர்டு தப்போ, ஒரே பதில். யார் யார் உறுப்பினர் என்று வெளியாள் தெரிந்துகொள்ள முடியாது. பிகிரிப்டுக்கு மாறியதும் அது கெட்டுப்போகிறது. இல்லாத பெயரைத் தட்டினால் ஹாஷ் பார்க்கும் வேலையே இல்லை, பதில் உடனே வருகிறது. இருக்கும் பெயர் என்றால் பிகிரிப்ட் யோசித்துவிட்டுத் தாமதமாக வருகிறது. வார்த்தை ஒன்றாக இருந்தாலும் நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இல்லாத பெயருக்கும் போலி ஹாஷை வைத்து அதே வேலையைச் செய்ய வைக்கிறோம். ஒரு ஓட்டையை அடைக்கும்போது இன்னொன்று திறக்கும் என்பதால்தான், திருத்திய பிறகும் ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்வார்கள்.

`session_regenerate_id` என்ற வரியைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். லாகின் பக்கத்தைத் திறந்த உடனே சர்வர் உங்கள் பிரவுசருக்கு ஓர் எண் கொடுத்துவிடுகிறது. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி, இனிமேல் ஆளைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கும். பிரவுசிங் சென்டரில் ஒருவன் லாகின் பக்கத்தைத் திறந்து, `PHPSESSID` எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தை மூடாமல் எழுந்து போகிறான். அடுத்து உட்காருபவர் அதே பக்கத்தில் லாகின் செய்கிறார். எண் மாறவில்லை என்றால், குறித்து வைத்தவனும் தன் கணினியிலிருந்து அவராகவே உள்ளே இருப்பான். லாகினுக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஓட்டை.

இன்னும் ஒன்று பாக்கி, அது இந்த நிரலில் இல்லாத வரி. யார் எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் எண்ணிப் பார்க்க ஆளில்லை. ஐந்து தடவை தப்பினால் கணக்கைப் பூட்டிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதில் இரண்டு வில்லங்கம். உங்கள் பெயர் தெரிந்த எவரும் ஐந்து தடவை தப்பாகத் தட்டி, மின்கட்டணம் கட்ட வேண்டிய நாளில் உங்களை வெளியே நிறுத்திவிடலாம். மற்றது, இன்றைய தாக்குதல் ஒரே கணக்கை ஐந்து தடவை தட்டுவதில்லை. வேறு தளத்தில் கசிந்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை எடுத்துக்கொண்டு, கணக்குக்கு ஒரே ஒரு தடவை முயலும். பூட்டு எண்ணத் தொடங்கும் முன்பே அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். மரபணுப் பரிசோதனை செய்யும் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023ல் நடந்தது அதுதான். நேரடியாகத் திறந்தவை சுமார் 14,000 கணக்குகள். உறவினர்களைக் காட்டும் வசதி வழியாகப் போனது 69 லட்சம் பேரின் விவரம்.

கணக்கு வாரியாக எண்ணுவதோடு, எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறது என்றும் எண்ண வேண்டும். ஆனால் நம் ஊர் மொபைல் நெட்வொர்க்கில் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட பேர் இருப்பார்கள். ஒரேயடியாகத் தடுத்தால் நியாயமானவர்களும் மாட்டுவார்கள். எனவே தடுப்பதைவிடத் தாமதப்படுத்துவது மேல்: தப்ப தப்ப, அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கும் நேரம் கூட வேண்டும், சந்தேகம் வந்தால் ஓடிபி கேட்க வேண்டும். அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி தரநிலை ஒரு கணக்குக்குத் தொடர்ச்சியாக 100 தப்புக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்கிறது. மூன்று, ஐந்து என்று கெடுபிடி செய்யத் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று கட்டாயம் என்ற விதியையும் அந்தத் தரநிலை 2017லேயே கைவிட்டது. 2003ல் அந்த ஆலோசனையை எழுதிய பில் பர் என்பவரே, எழுதியிருக்கக் கூடாது என்று பின்னால் வருத்தப்பட்டார். காரணம் எளிது. `Murugan@123` எல்லா விதியையும் தாண்டும், உடைப்பவர் பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்கும். பிகிரிப்ட்கூட அதைக் காப்பாற்றாது. கசிந்த பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்த்து மறுப்பதுதான் உதவும் விதி.

நிரலைப் பார்க்க வழியில்லாத சாதாரண உறுப்பினரும் ஒன்றைச் சோதிக்கலாம், சட்டச் சிக்கல் இல்லாமல். உங்கள் கணக்கில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்துங்கள். புதிதாக ஒன்று வைத்துக்கொள்ள இணைப்பு வந்தால் சரி. உங்கள் பழைய பாஸ்வேர்டே மின்னஞ்சலில் வந்து நின்றால், அந்தத் தளம் அதை ஹாஷ் போடாமல் வைத்திருக்கிறது, இதில் வேறு விளக்கத்துக்கு இடமில்லை. சங்கச் செயலாளரிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள். அதற்கு முன், அதே பாஸ்வேர்டை உங்கள் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைத்திருந்தால் அந்த இரண்டையும் இன்றே மாற்றிவிடுங்கள்.